செல்விக்கு ஒரு பேங்க் இன்டர்வியூ ஒத்திகை

வங்கி அதிகாரி வேலைக்கான ஐ.பி.பி.எஸ். பி.ஓ. தேர்வில் மெயின்ஸைத் தாண்டிவிட்ட செல்விக்கு அடுத்த வாரம் நேர்முகம். கேள்வி கேட்பவள் ஜெனி. போன வருஷம் அதே நேர்முகத்துக்குப் போய் வந்தவள், இப்போது ஒரு கிளையில் கிளார்க். இடம் தூத்துக்குடியில் ஜெனி வீட்டு மாடி. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, போனில் ஸ்டாப்வாட்ச். விஷயம் தெளிவாகட்டும் என்று முதல் சுற்று தமிழில்.

நேரம்: கேள்வி 12 நிமிடம். மார்க் போட 3 நிமிடம். அப்போது செல்வி கீழே போய்விட வேண்டும். அதற்குப் பிறகு பேச்சு எவ்வளவு நேரமானாலும் சரி.

மார்க் (100க்கு):
தன்னைப் பற்றிச் சொல்வது: 15. ஒரு நிமிடத்தைத் தாண்டினால் பாதிக்கு மேல் கிடையாது.
வங்கி அறிவு: 30. "தெரியாது" என்றால் கழிவு இல்லை. தெரியாததை அடித்துவிட்டால் 3 கழியும்.
கேட்ட கேள்விக்குப் பதில், அதற்குக் காரணம்: 20.
கிளையில் நடக்கும் சூழலைச் சமாளிப்பது: 20.
குரல், கண், உட்காரும் விதம்: 15.

நிஜ நேர்முகமும் 100 மார்க்தான். பொதுப் பிரிவுக்கு 40 எடுத்தால் தேர்ச்சி, இடஒதுக்கீட்டுப் பிரிவுக்கு 35. ஆனால் மெயின்ஸுக்கு 80 சதவீதம், நேர்முகத்துக்கு 20 சதவீதம் என்று சேர்த்துத்தான் பட்டியல் வரும். அதனால் 40 எடுத்துத் தேறினால் போதும் என்ற கணக்கு இங்கே உதவாது.

0:00
ஜெனி: உட்காருங்க. உங்களைப் பத்திச் சொல்லுங்க.
செல்வி: குட் மார்னிங் மேடம். என் பேர் செல்வி, ஊர் முள்ளக்காடு. பத்தாவதுல 92 சதவீதம், பன்னெண்டாவதுல 88, பி.இ. சிவில்ல 7.9. அப்பா உப்பளத்துல வேலை பாக்காங்க, அம்மா ஹவுஸ் ஒய்ஃப். ஹாபி புக் படிக்கிறது, பாட்டு கேக்குறது. என்னோட பலம் கடின உழைப்பு. பலவீனம், எல்லாரையும் சீக்கிரம் நம்பிடுவேன்...
(இப்படியே 1:40 வரை.)

1:45
ஜெனி: சிவில் படிச்சுட்டு ஏன் பேங்க்?
செல்வி: வேலைப் பாதுகாப்பு இருக்கு மேடம். சமூகத்துக்குச் சேவை செய்யவும் ஆசை.
ஜெனி: சேவைன்னா பாலம் கட்டலாமே?
செல்வி: (எட்டு விநாடி மௌனம்) பாலமும் கட்டலாம் மேடம்.

2:50
ஜெனி: 2023ல படிப்பு முடிஞ்சிருக்கு. அப்புறம் என்ன பண்ணினீங்க?
செல்வி: எக்ஸாமுக்குப் படிச்சேன்.
ஜெனி: அது மட்டுமா?
செல்வி: சித்தப்பாவோட உப்பு வியாபாரத்துல கொஞ்சம் உதவி. பெருசா ஒண்ணும் இல்ல மேடம்.

3:40
ஜெனி: உங்க ஊர்ல தொடங்கின பேங்க்?
செல்வி: தமிழ்நாடு மெர்க்கன்டைல் பேங்க். 1921ல நாடார் பேங்க்னு ஆரம்பிச்சாங்க, 1962ல பேர் மாத்தினாங்க.
ஜெனி: நல்லது. ரிசர்வ் பேங்க்?
செல்வி: 1935 ஏப்ரல் 1.
ஜெனி: அதை எப்போ தேசியமயமாக்கினாங்க?
செல்வி: 1969, இந்திரா காந்தி காலத்துல.
ஜெனி: உறுதியா?
செல்வி: உறுதியா மேடம்.

5:10
ஜெனி: டெபாசிட் இன்ஷூரன்ஸ் எவ்வளவு?
செல்வி: 5 லட்சம். 2020 பிப்ரவரிக்கு முன்னாடி 1 லட்சம்.
ஜெனி: ஒரே பேங்க்ல ஒரு கிளையில 4 லட்சம், இன்னொரு கிளையில 3 லட்சம் என் பேர்ல இருக்கு. பேங்க் கவுந்துட்டா?
செல்வி: எல்லாக் கிளையும் சேத்துத்தான் கணக்கு. 5 லட்சம்தான் வரும்.

6:20
ஜெனி: என்.பி.ஏ.ன்னா?
செல்வி: அசலோ வட்டியோ 90 நாளைக்கு மேல பாக்கி நின்னா அந்தக் கடன் என்.பி.ஏ.
ஜெனி: அக்டோபர்ல மழை தொடங்கினா உப்பளத்துல வேலை நின்னுடும். ஒருத்தருக்கு லிமிட் வரைக்கும் எடுத்து எடுத்துக் கட்டுற கேஷ் கிரெடிட் கணக்கு இருக்கு. மூணு மாசமா அதுல பணமே வந்து விழல. என்ன ஆகும்?
செல்வி: விவசாயக் கடனுக்கு ரெண்டு பயிர்ப் பருவம் டைம் உண்டு மேடம். அதனால...
ஜெனி: உப்பு விவசாயமா?
செல்வி: (நீண்ட மௌனம்) இல்ல மேடம். சாரி.

8:40
ஜெனி: ஒரு ஆச்சி வாராங்க. இருக்கிற எல்லா எஃப்.டி.யையும் இப்பவே உடைக்கணும்ங்காங்க. கையில போன், லைன் கட் ஆகல. யாருன்னு கேட்டா "போலீஸ்"ங்காங்க.
செல்வி: அவங்களைக் கவுன்டர்ல நிக்க வைக்காம உள்ள கூட்டிட்டுப் போவேன். "மொதல்ல போனை வைங்க ஆச்சி, தண்ணி குடிங்க"ன்னு சொல்லுவேன். டிஜிட்டல் அரெஸ்ட்னு சட்டத்துல ஒண்ணு கிடையாதுன்னு எடுத்துச் சொல்லுவேன். வீட்டுல ஒருத்தரை வரச் சொல்லுவேன். மேனேஜர்கிட்ட சொல்லிட்டு சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு அடிப்போம்.
ஜெனி: "என் பணம், குடு"ன்னு கத்தினா?
செல்வி: தர மாட்டேன்னு சொல்ல மாட்டேன் மேடம். ஃபாரம் கொண்டுவரப் போறேன்னு சொல்லி, அவங்க மகன் வார வரைக்கும் பேசிக்கிட்டே இருப்பேன்.

11:10
ஜெனி: எங்களைக் கேக்க ஏதாவது இருக்கா?
செல்வி: இல்ல மேடம். தேங்க் யூ.

மார்க்: அறிமுகம் 5. வங்கி அறிவு 22. 1969க்காக 3 கழிந்து 19. பதிலும் காரணமும் 8. சூழல் 18. குரல், கண் 8. மொத்தம் 58.

ஜெனி: ஏட்டி, மூஞ்சியத் தூக்காத. ஆச்சி கேள்வில நீ என்னைவிட நல்லா சொன்ன. எங்க கிளையில இப்படி ஒருத்தர் வந்தப்ப நான் முழிச்சுக்கிட்டு நின்னேன்.
செல்வி: அப்ப ஏன் 58?
ஜெனி: அறிமுகத்துல நீ சொன்ன மார்க்கெல்லாம் அவங்க முன்னாடி பேப்பர்ல இருக்கும். நம்பிடுவேன்ங்கிற பலவீனத்தைக் கடன் குடுக்கப் போற இடத்துல போயி சொல்லுதியே!
செல்வி: கோச்சிங்ல அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க.
ஜெனி: அதான் எல்லாரும் அதையே சொல்லுதாங்க. 1969ல தேசியமயமானது 14 வணிக வங்கி. ரிசர்வ் பேங்க் 1949 ஜனவரி 1. தெரியாம இருக்கறது தப்பில்ல. நான் "உறுதியா"ன்னு கதவத் திறந்து விட்டேன், நீ அதையும் சாத்திட்டு உக்காந்துட்ட.
செல்வி: என்.பி.ஏ.?
ஜெனி: அங்கதான்ட்டி எனக்குக் கோவம். சித்தப்பா கணக்கை எழுதுறது யாரு?
செல்வி: நான்தான்.
ஜெனி: மழைக்காலத்துல அவரு வட்டி எப்படிக் கட்டுதாரு?
செல்வி: கோடையில அம்பாரம் போட்டு வச்ச உப்பை விலை ஏறினப்பறம் கொஞ்சம் கொஞ்சமா விப்பாரு. அந்தப் பணம் கணக்குல வந்து விழும்.
ஜெனி: அதான் பதில்! கேஷ் கிரெடிட்ல 90 நாளா பணமே வந்து விழலன்னாலும், வந்தது வட்டிக்குக் காணலன்னாலும் என்.பி.ஏ. ஆயிரும். சீசனுக்கு ஒரு லிமிட், மழைக்கு ஒரு லிமிட்னு வச்சு, சரக்கு விக்க விக்கப் பணத்தைக் கணக்குல போடச் சொல்லணும். இது உனக்கு வீட்டுலயே தெரியும். அதைப் "பெருசா ஒண்ணும் இல்ல"ன்னு சொல்லிட்டு, புக்ல இருக்க பயிர்ப் பருவத்தைத் தேடிப் போற.
செல்வி: உப்புக்கடை கணக்கைப் போயி பேனல்ல சொல்லவா?
ஜெனி: பின்ன? அவங்க உக்காந்திருக்கதே கடன் குடுக்கிற சீட்லதான். ஏன் பேங்க்ங்கிற கேள்விக்கும் அதான் பதில். இன்னொண்ணு, பதில் தெரியலன்னா நகத்தைப் பாக்குற. நாலு தடவ பாத்த.
செல்வி: சரி, அறிமுகத்தை இன்னொரு வாட்டி வை. ஸ்டாப்வாட்ச் போடு.

செல்வி: செல்வி, முள்ளக்காடு. பி.இ. சிவில் முடிச்சேன். ரெண்டு வருஷமா எங்க சித்தப்பாவோட உப்பு வியாபாரத்துக்குக் கணக்கு எழுதுறேன். வெயில்ல சம்பாதிச்சு மழையில சமாளிக்கிற தொழில் அது. லிமிட் புதுப்பிக்க அவரோட பேங்குக்குப் போயி உக்காந்திருக்கேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கவங்க என்ன பாத்து முடிவு எடுக்காங்கன்னு கத்துக்கணும்னு அங்கதான் தோணுச்சு.

ஜெனி: 38 விநாடி. 12 போடலாம். "பி.இ. முடிச்சேன்"னதும் குரல் இறங்குது, அதுக்குத்தான் 3 கொறச்சேன். நாளைக்கு இதே கேள்வி, இங்கிலீஷ்ல. எங்க அண்ணனையும் உக்கார வைக்கேன், அவன் நடுவுல குறுக்கக் குறுக்கக் கேப்பான்.