கோ-கோ: இல்ல விளையாட்டுப் போட்டிக்கான ஆட்ட விதிகள்
(மாணவர் கையேடு, விளையாட்டுப் பகுதி)

கிரிக்கெட்டுக்குச் சரிவை வெட்டிப் பெரிய மைதானம் எடுக்க வேண்டும். கோ-கோவுக்கு 27 மீற்றர் நீளமும் 16 மீற்றர் அகலமும் போதும். நம் பாடசாலையின் மேல் மைதானத்தில் அது அப்படியே அடங்குகிறது. செலவும் இரண்டு கம்பங்களும் ஒரு வாளி சுண்ணாம்பும்தான். ஆனால் விதி தெரியாமல் ஆடினால் இது வெறும் ஓடிப்பிடித்து விளையாட்டாகிவிடும். அதனால் இல்லத் தலைவர்கள் இந்தப் பகுதியைப் படித்துவிட்டு அணியைக் கூட்டி வாருங்கள்.

களம்

நீளவாக்கில் நடுவே 30 சென்ரிமீற்றர் அகலத்தில் ஒரு பட்டை போகும். இது நடுப்பாதை. அதன் இரு முனையிலும் ஒவ்வொரு கம்பம், 120 முதல் 125 சென்ரிமீற்றர் உயரம். கம்பத்தைப் பிடித்துச் சுழன்று திரும்புவீர்கள் என்பதால் மரம் நன்றாக இழைக்கப்பட்டிருக்க வேண்டும். ஆணி, சிலாம்பு எதுவும் இருக்கக்கூடாது. நடுப்பாதையை எட்டு குறுக்குப் பாதைகள் வெட்டிச் செல்லும். அவை வெட்டும் இடங்களில் உண்டாகும் எட்டுச் சதுரங்கள்தான் துரத்தும் அணி குந்தியிருக்கும் இடம்.

இரண்டு அணிகள்

ஒரு நேரத்தில் களத்துக்கு உரியவர்கள் அணிக்கு ஒன்பது பேர். மாற்று வீரர்கள் வெளியே இருப்பார்கள். நாணயச் சுழற்சியில் வென்ற தலைவர் முதலில் துரத்துவதா, ஓடுவதா என்று சொல்வார்.

துரத்தும் அணியில் எட்டுப் பேர் சதுரங்களில் குந்துவார்கள். ஒருவர் இந்தப் பக்கம் பார்த்தால் அடுத்தவர் அந்தப் பக்கம் பார்க்க வேண்டும். ஒன்பதாமவர் ஏதாவது ஒரு கம்பத்தின் அருகே நின்று துரத்தலைத் தொடங்குவார்.

ஓடும் அணி மும்மூன்று பேராக உள்ளே வரும். யாருக்குப் பின் யார் என்ற ஒழுங்கை ஆட்டம் தொடங்குமுன் புள்ளி பதிபவரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். மூவரும் ஆட்டமிழந்ததும் அடுத்த மூவர் உடனே இறங்க வேண்டும். துரத்துபவர் குந்தியிருக்கும் ஒருவரைத் தொட்டு, துரத்தலை அவரிடம் ஒப்படைப்பதுதான் ‘கோ’. இரண்டு ‘கோ’ கொடுபடுவதற்குள் உள்ளே வராதவர் ஓடாமலே ஆட்டமிழப்பார். மூன்றாம் ஆளைத் தொட்டவர் புதிதாக இறங்கும் மூவரைத் தானே துரத்த முடியாது. முதலில் ‘கோ’ கொடுத்துவிட வேண்டும்.

துரத்துபவர் செய்யக்கூடியதும் கூடாததும்

சண்டை வருவது பெரும்பாலும் இங்கேதான், ஆகவே ஆறுதலாக வாசியுங்கள்.

ஓடுபவர் எங்கும் ஓடலாம். குந்தியிருக்கும் இருவருக்கு இடையால் புகுந்து மறுபக்கம் போகலாம், நின்று திரும்பலாம். துரத்துபவருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. அவர் நடுப்பாதையை மிதிக்கவோ கடக்கவோ கூடாது. ஒரு திசையில் ஓடத் தொடங்கினால் கம்பம் வரை அதே திசைதான். தோளைத் திருப்பிப் பின்னால் வந்தால் தவறு. கம்பத்தைச் சுற்றிய பின்பே மறுபக்கம் போகலாம், திசை மாற்றலாம். எல்லைக் கோட்டுக்கு வெளியே அவர் கால் போகலாம், ஆனால் திசை விதி அங்கேயும் உண்டு. (கீழ்ப் பக்கத்துக் கோட்டை ஒட்டித் தண்ணீர்க் கான் இருப்பதை மறக்காதீர்கள். அந்தப் புல்லில் அட்டையும் உண்டு.)

அப்படியானால் மறுபக்கம் ஓடிவிட்ட ஆளைப் பிடிப்பது எப்படி? ‘கோ’ கொடுத்துத்தான். அந்தப் பக்கம் பார்த்துக் குந்தியிருப்பவரின் முதுகுப் பக்கம் வந்து, கையால் தொட்டு, அதே கணத்தில் ‘கோ’ என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். தொட்டுவிட்டுச் சொல்லாமல் விட்டாலும், சொல்லிவிட்டுத் தொடாமல் போனாலும் தவறு. அவருடைய குறுக்குப் பாதையைத் தாண்டிக் கால் போய்விட்டால் அவருக்குக் ‘கோ’ கொடுக்க முடியாது, அடுத்தவரைப் பாருங்கள்.

‘கோ’ வாங்கியவர் எழுந்து, தான் முகம் பார்த்திருந்த பக்கமாகவே போக வேண்டும். குறுக்குப் பாதையை விட்டு விலகும் வரை இடமா வலமா என்று தீர்மானிக்கலாம். கொடுத்தவர் உடனே அந்தச் சதுரத்தில் குந்த வேண்டும். ‘கோ’ வருமுன் எழும்புவது தவறு. குந்தியிருப்பவர் கையையோ காலையோ நீட்டி ஓடுபவரை மறிப்பதும் தவறு.

வேகமாக ஓடும் பிள்ளைகளைத் தேடி அணி சேர்ப்பது நம் இல்லங்களின் வழக்கம். ஆனால் வேகமான ஒருவர் தனியே நாற்பது வினாடி துரத்துவதைவிட, நான்கு பேர் சரியான நேரத்தில் ‘கோ’ கொடுத்தால் ஆள் சீக்கிரம் சிக்கும்.

துரத்துபவர் தவறு செய்தால் மத்தியஸ்தர் விசில் ஊதி, ஓடிய திசைக்கு எதிர்த்திசையில் போகச் சொல்வார். கேட்ட உடனே திரும்ப வேண்டும். தவறோடு ஒருவரைத் தொட்டிருந்தால் அவர் ஆட்டமிழந்ததாகாது, புள்ளியும் இல்லை.

ஓடுபவர் எப்போது ஆட்டமிழப்பார்?

துரத்துபவர் விதி மீறாமல் கையால் தொட்டால். இரு கால்களும் களத்துக்கு வெளியே போய்விட்டால். மேலே சொன்னபடி பிந்தி இறங்கினால். குந்தியிருப்பவர்களை ஓடுபவர் தொடவும் கூடாது: முதல் முறை எச்சரிக்கை, மறுபடி தொட்டால் வெளியே.

முறைகளும் நேரமும்

ஓர் அணி ஒரு தடவை துரத்துவது ஒரு முறை. இரு அணிகளும் ஆளுக்கொரு முறை துரத்தினால் ஓர் இன்னிங்ஸ். போட்டிக்கு இரண்டு இன்னிங்ஸ். தரம் 9 வரை ஒரு முறைக்கு 7 நிமிடம், அதற்கு மேல் 9 நிமிடம்.

மூடுபனி இறங்கி, ஒரு கம்பத்தடியில் நிற்கும் மத்தியஸ்தருக்கு மறு கம்பம் தெரியாமல் போனால் ஆட்டம் நிற்கும். மீதி நேரத்தையும் யார் எங்கே இருந்தார்கள் என்பதையும் பதிந்து வைத்து, வெளித்ததும் தொடர்வோம். இது நம் பாடசாலையின் சொந்த விதி. மழையில் கோடு அழிந்தாலும் அப்படியே. கோடு தெரியாத களத்தில் ‘கோ’ பிந்தியதா இல்லையா என்று எவரும் சொல்ல முடியாது.

புள்ளிகள்

ஆட்டமிழக்கும் ஒவ்வொருவருக்கும் துரத்தும் அணிக்கு ஒரு புள்ளி. ஒன்பது பேரும் போய்விட்டால் முறை முடிவதில்லை. அதே ஒழுங்கில் முதல் மூவர் மீண்டும் இறங்குவார்கள், நேரம் தீரும் வரை புள்ளி ஏறும்.

உதாரணமாக, குறிஞ்சி இல்லம் முதல் முறையில் 8, முல்லை இல்லம் 6. இரண்டாம் இன்னிங்ஸில் குறிஞ்சி 5 எடுத்தால் மொத்தம் 13. முல்லைக்கு வெல்ல 8 தேவை. இரண்டு நிமிடம் இருக்கும்போதே எட்டாவது ஆளைத் தொட்டால் ஆட்டம் அங்கேயே முடியும். முடிவு ‘ஒரு புள்ளி, 2 நிமிடம் மீதி’ என்று பதியப்படும்.

முதலில் துரத்திய அணி முதல் இன்னிங்ஸில் 9 அல்லது அதற்கு மேல் முன்னிலை பெற்றால், எதிரணியையே தொடர்ந்து மறுபடி துரத்தச் சொல்லலாம். அவர்கள் அந்த வித்தியாசத்தைத் தாண்டாவிட்டால் இரண்டாம் துரத்தல் இல்லாமலே வெற்றி. தாண்டினால், விட்டுவைத்த தன் முறையை முன்னணி அணி ஆடும்.

2025 ஜனவரியில் டெல்லியில் நடந்த முதல் உலகக் கிண்ணத்தில் 50, 100 என்று புள்ளிகள் ஏறியதைப் பார்த்தவர்கள் குழம்ப வேண்டாம். அது ஆள் எண்ணிக்கையும் புள்ளிக் கணக்கும் வேறான வேக வடிவம். இல்லப் போட்டிக்கு இங்கே உள்ளதுதான் கணக்கு.

சமநிலையில் முடிந்தால் ஆளுக்கொரு முறை துரத்துவீர்கள். முதல் ஆளைத் தொட எடுத்த நேரம் எந்த அணிக்குக் குறைவோ, அந்த அணி வெல்லும். முறைப்பாடு இருந்தால் தலைவர் மட்டும் மத்தியஸ்தரிடம் பேசலாம், அதுவும் அந்த முறை முடிந்த பிறகு.