கோழித்தீவன ஆலை இயந்திரங்கள்: தவணைப் பட்டுவாடா குறித்த கடிதம்

நாமக்கல்
12.06.2025

பெறுநர்:
விற்பனைப் பிரிவு மேலாளர் அவர்கள்,
கோயம்புத்தூர்.

பொருள்: மணிக்கு 5 டன் லேயர் மேஷ் தீவன ஆலை. டிராயிங் ஒப்புதல், டிஸ்பேட்ச், கமிஷனிங் ஆகியவற்றோடு இணைத்த பணத் தவணைகள்.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

சென்ற வாரம் நீங்கள் அனுப்பிய திருத்திய கொட்டேஷன் கிடைத்தது. விலையில் இனி பேச வேண்டியது இல்லை. இயந்திரங்களுக்கு ரூ.78 லட்சம், எரெக்ஷனுக்கும் கமிஷனிங்குக்கும் ரூ.6 லட்சம், ஆக மொத்தம் ரூ.84 லட்சம், ஜிஎஸ்டி தனி. இதற்கு நாங்கள் சம்மதம். நிற்பது பணம் எப்போது, எதற்கு எதிராக என்பது மட்டுமே.

ஆர்டரோடு 40 சதவீதம், லோடு ஏறும் முன் மீதி 60 என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் 5 சதவீதத்தைக் கமிஷனிங் வரை நிறுத்தி வைக்கலாம் என்று போனில் சொன்னீர்கள். உங்கள் பக்கத்து நியாயம் எங்களுக்குப் புரிகிறது. மோட்டாரும் கியர்பாக்ஸும் உங்களுக்குக் கடனில் கிடைப்பதில்லை, எங்கள் அளவுக்குச் செய்த எலிவேட்டரை வேறு ஒருவருக்கு விற்கவும் முடியாது. எங்கள் நிலையையும் சொல்லிவிடுகிறேன். பண்ணையில் 3 லட்சம் லேயர் கோழிகள். ஒன்றுக்கு நாளொன்றுக்கு 110 கிராம் வைத்தால் 33 டன் தீவனம் வேண்டும். பழைய ஆலை அதற்குத் திணறுகிறது. 95 சதவீதப் பணம் போய்விட்ட பிறகு மிக்சர் சரியாகக் கலக்கவில்லை என்றால் கோழி காத்திருக்காது, முட்டை எண்ணிக்கை அந்த வாரமே இறங்கிவிடும். வேலை முன்னேற முன்னேறப் பணமும் வந்துகொண்டிருந்தால் இருவருக்கும் பயம் இல்லை. அப்படி நாங்கள் கேட்கும் தவணைகள்:

ஆர்டர் உறுதி செய்யும்போது 10 சதவீதம், ரூ.8,40,000.
டிராயிங் ஒப்புதலில் 20 சதவீதம், ரூ.16,80,000.
டிஸ்பேட்சில் 50 சதவீதம், ரூ.42,00,000. இதோடு அந்த இன்வாய்ஸுக்கான ஜிஎஸ்டி முழுவதும்.
கமிஷனிங்கில் 15 சதவீதம், ரூ.12,60,000.
கேரன்டிக்கு எதிராக 5 சதவீதம், ரூ.4,20,000.

முட்டைக்கும் கோழித்தீவனத்துக்கும் வரி இல்லாததால் எங்களுக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது. நாங்கள் கட்டும் ஜிஎஸ்டி எங்களுக்குச் செலவுதான். ஆனாலும் அதைத் தவணையாக உடைக்கச் சொல்லவில்லை, இன்வாய்ஸ் போடும் மாதம் நீங்கள் கட்டியாக வேண்டும் என்பது தெரியும். பொருளுக்கு வாங்கும் முன்பணத்துக்கு 2017 நவம்பரிலிருந்து ஜிஎஸ்டி இல்லை. எரெக்ஷன் சேவை என்பதால் அதற்கு அந்த விலக்கு பொருந்தாது. எனவே முதல் இரண்டு தவணைகளையும் இயந்திரத்தின் கணக்கில் மட்டும் வரவு வையுங்கள், எரெக்ஷன் தொகைக்குத் தனி பில் போடுங்கள்.

டிராயிங் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் தகராறு பெரும்பாலும் இங்கேதான் விதைக்கப்படுகிறது. எருமப்பட்டிப் பக்கம் எங்கள் உறவினர் ஆலையில், சப்ளையர் கொடுத்த முதல் டிராயிங்கை வைத்து பவுண்டேஷன் போட்டுவிட்டார்கள். பிறகு கியர்பாக்ஸ் மாடல் மாறியது, டிராயிங் மாறவில்லை. போல்ட் துளை 40 மி.மீ. தள்ளி நின்றது. கான்கிரீட்டை உடைத்துத் திரும்பப் போட்டார்கள், அந்தச் செலவு யாருடையது என்ற பேச்சு இன்னும் முடியவில்லை.

ஆகவே நாங்கள் ஒப்புதல் தர வேண்டிய டிராயிங்குகள் நான்கு. மொத்த லேஅவுட், பிட் ஆழமும் பவுண்டேஷன் லோடும் போல்ட் இடமும் காட்டும் சிவில் டிராயிங், எலிவேட்டர், பின், டவர் உயரங்கள், மோட்டார் பட்டியலோடு மின் வரைபடம். ஆர்டர் தேதியிலிருந்து 3 வாரத்துக்குள் நான்கும் வர வேண்டும். இதில் சிவில் டிராயிங்கை முதலில் அனுப்புங்கள் ஐயா. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் எலிவேட்டர் பிட்டில் ஊற்றுநீர் தேங்கிவிடும், அதற்கு முன் வாட்டர்ப்ரூஃப் வேலை முடிந்திருக்க வேண்டும்.

டிராயிங் வந்து 7 வேலை நாளுக்குள் எங்கள் குறிப்புகளை எல்லாம் ஒரே தடவையில் எழுத்தில் தருவோம். இரண்டாம் சுற்றில் அந்தக் குறிப்புகள் சரி செய்யப்பட்டனவா என்று மட்டுமே பார்ப்போம். புதிதாக எதையாவது கேட்டால் அதனால் ஆகும் நாள்களை உங்கள் டெலிவரியில் கூட்டிக்கொள்ளலாம். நாங்கள் பதில் தராமல் 7 நாளைக் கடத்தினால் கடந்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நாள் கூடும். 21 நாள் ஆகியும் பதில் இல்லை என்றால் இரண்டாம் தவணையில் பாதியை, ரூ.8,40,000ஐ, அனுப்பிவிடுவோம். ஆனால் எங்கள் மௌனத்தை ஒப்புதலாக எடுத்துக்கொண்டு தகடு வெட்டத் தொடங்க வேண்டாம்.

நான்கு டிராயிங்கிலும் எங்கள் கையெழுத்து விழுந்ததும் 5 வேலை நாளில் 20 சதவீதம் வரும். இதற்கு அட்வான்ஸ் பேங்க் கேரன்டி கேட்கலாம் என்று எங்கள் ஆடிட்டர் சொன்னார். நாங்கள் கேட்கவில்லை. கேரன்டிக்காக உங்கள் வங்கியில் பணத்தை முடக்கினால் இந்தத் தவணை கொடுப்பதே வீணாகிவிடும். அதற்குப் பதிலாக, பணம் வந்து 10 நாளுக்குள் மோட்டார், கியர்பாக்ஸ், பேரிங் ஆர்டர்களின் நகல் அனுப்பினால் போதும். விலையை மறைத்து அனுப்பினாலும் சரி. நாங்கள் கையெழுத்துப் போட்டது அளவுக்கும் இடத்துக்கும்தான். டிசைன் பொறுப்பு உங்களுடையதாகவே இருக்கும். ஒப்புதலுக்குப் பிறகு எந்த மாடல் மாறினாலும் திருத்திய டிராயிங் வராமல் பொருள் வரக்கூடாது.

டெலிவரி, கடைசி டிராயிங் ஒப்புதலிலிருந்து 14 வாரம்.

டிஸ்பேட்சுக்கு 10 நாள் முன்பு தகவல் கொடுங்கள். எங்கள் ஆலை மேற்பார்வையாளரும் எலக்ட்ரீஷியனும் உங்கள் ஷெட்டுக்கு வருவார்கள். ஹேமர் மில்லைச் சுமை இல்லாமல் 2 மணி நேரம் ஓட்டிக் காட்ட வேண்டும். பேரிங் சூட்டையும் அதிர்வையும் குறித்துக்கொள்வோம். மிக்சரில் மூடி கசிவும், கதவு முழுவதும் திறக்கிறதா என்பதும், காலியான பிறகு அடியில் எவ்வளவு தங்குகிறது என்பதும் பார்ப்போம். எடைத்தொட்டியை முத்திரை எடைக்கற்களை வைத்துச் சோதிப்போம். இவை முடிந்தால் அங்கேயே இன்ஸ்பெக்ஷன் நோட்டில் கையெழுத்து.

பணம் வராமல் வண்டி நகராது என்ற உங்கள் நிபந்தனையை அப்படியே ஏற்கிறோம். அதே நேரம், ஏற்றாத பொருளுக்கு வங்கி பணம் விடாது. ஆகவே வண்டி ஏறி, எடை போட்டு, இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், எல்.ஆர். மூன்றின் நகலும் வந்த அன்றே நாங்கள் வங்கியில் கொடுத்துவிடுவோம். அதிகபட்சம் 2 வேலை நாளில் ஆர்டிஜிஎஸ் உங்கள் கணக்கில் நேராக ஏறும், அதுவரை வண்டி உங்கள் காம்பவுண்டில் நிற்கட்டும். காத்திருப்பு வாடகை எங்களுடையது. டிரான்சிட் இன்சூரன்ஸ் நாங்கள் எடுக்கிறோம்.

லோடு பிரிந்து வந்தால் பணமும் பிரியும், ஆனால் இரண்டே பங்காக: ஹேமர் மில், மிக்சர், எடைத்தொட்டி, பேனல் கொண்ட லோடுக்கு 30 சதவீதம், எலிவேட்டர், பின், டவர் லோடுக்கு 20. பிளாட்ஃபாரமும் கைப்பிடியும் முதலில் ஏற்றிவிட்டு டிஸ்பேட்ச் தவணை கேட்பது முடியாது. எங்கள் கட்டடம் தயாராகாமல் லோடை நிறுத்தச் சொன்னால், இன்ஸ்பெக்ஷன் முடிந்த 30ஆம் நாள் 50 சதவீதத்தில் 40ஐ எங்கள் சொந்தப் பணத்திலிருந்து தருவோம். பொருளை எங்கள் பெயர் எழுதித் தனியாக வைத்திருங்கள்.

கமிஷனிங் என்றால் சுவிட்சைப் போட்டு பூஜை செய்வதோடு முடிவதல்ல. தொடர்ந்து 3 நாள், நாளுக்கு 8 மணி நேரம், எங்கள் லேயர் மேஷ் ஓட வேண்டும். மக்காச்சோளம் 13 சதவீத ஈரத்துக்குள், நீங்கள் குறித்த 5 மி.மீ. சல்லடை, சராசரி மணிக்கு 5 டன். மிக்சரில் ஒரே பேட்சில் 10 இடத்தில் மாதிரி எடுத்து உப்பு அளவு பார்க்கும்போது மாறுபாட்டுக் கெழு 10 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. ஒரு கோழிக்குப் போகும் வைட்டமினும் பக்கத்துக் கோழிக்குப் போகும் வைட்டமினும் ஒன்றாக இருப்பது இந்த எண்ணில்தான் இருக்கிறது, இதில் நாங்கள் தளர முடியாது. மோட்டார்கள் எதுவும் பெயர்ப்பலகை ஆம்பியரைத் தாண்டக்கூடாது. மூலப்பொருள், மின்சாரம், ஆள் எங்கள் பொறுப்பு.

4.75 டன்னுக்கு மேல் வந்தால் நிறைவாக ஏற்போம். 4.5க்கும் 4.75க்கும் இடையில் நின்றால் இயந்திர விலையில் 3 சதவீதம் கழிவு. அதற்கும் கீழே என்றால், அல்லது கலவைச் சோதனை தேறவில்லை என்றால், சரி செய்து மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். சோதனை தேறியதும் சான்றில் அன்றே கையெழுத்துப் போடுவோம், 15 நாளில் 15 சதவீதம் வரும். மின் இணைப்பு போன்ற எங்கள் பக்கத் தாமதத்தால் டிஸ்பேட்ச் ஆகி 90 நாளிலும் ஓட்ட முடியவில்லை என்றால், அந்த 15இல் 10ஐ விடுவித்துவிடுவோம். மீதி 5 ஓடிக் காட்டும் அன்று. உங்கள் பக்கத் தாமதத்துக்கு வாரத்துக்கு அரை சதவீதம், மொத்தம் 5 சதவீதத்துக்கு மேல் போகாமல், இந்தத் தவணையில் கழிப்போம்.

கடைசி 5 சதவீதத்தை ஒரு வருடம் பிடித்து வைப்பதுதான் எல்லோரும் செய்வது. நீங்கள் உத்யம் பதிவு பெற்ற சிறு நிறுவனம். எம்எஸ்எம்இ சட்டப்படி, பொருளை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் தவணை எழுதிக்கொள்ள முடியாது. தாண்டினால் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. அந்த வம்பு இருவருக்கும் வேண்டாம். ரூ.4,20,000க்கு 13 மாதம் செல்லும் பர்ஃபார்மன்ஸ் பேங்க் கேரன்டி கொடுத்துவிட்டு, கமிஷனிங் தவணையோடு இதையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்தத் தவணைகளை எங்கள் வங்கி மேலாளரிடம் காட்டிவிட்டோம். எங்கள் பங்கு 25 சதவீதம் முதலில் போன பிறகே கடன் விடுவார்கள் என்பதால் ஆர்டர் தொகையும் டிராயிங் தொகையின் பெரும்பகுதியும் எங்கள் கையிலிருந்து வரும், தாமதம் இருக்காது.

இதில் உங்களுக்கு இடிக்கும் இடம் இருந்தால் 18ஆம் தேதிக்குள் போனில் சொல்லுங்கள், பேசித் திருத்திக்கொள்ளலாம். சதவீதத்தில் ஒன்றிரண்டு முன்பின் நகரலாம். கலவைச் சோதனையும் நான்கு டிராயிங் ஒப்புதலும் நகராது. சம்மதம் என்றால் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்தும் முத்திரையும் இட்டு, இதே தவணைகள் எழுதிய ப்ரொஃபார்மா இன்வாய்ஸோடும் உத்யம் சான்று நகலோடும் திருப்பி அனுப்புங்கள். வந்த மறுநாள் ரூ.8,40,000 அனுப்புகிறோம். அன்றிலிருந்து டிராயிங்குக்கான 3 வாரம் தொடங்கும்.

இப்படிக்கு,
நிர்வாகப் பங்குதாரர்,
கோழிப்பண்ணை மற்றும் தீவன ஆலை,
நாமக்கல்.

நகல்: வங்கிக் கிளை மேலாளர், ஆடிட்டர், ஆலை மேற்பார்வையாளர்.