வரவு செலவுப் பட்டைப் படத்தை எப்படிப் படிப்பது: பொருளாளர் குறிப்பு

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த இதழின் நடுப்பக்கத்தில் நம் பால் சங்கத்தின் ஐந்து வருட வரவு செலவைப் பட்டைகளாகப் போட்டிருக்கிறோம். பச்சை வரவு, சிவப்பு செலவு. ஏப்ரல் முதல் மார்ச் வரை ஒரு வருடம். படம் பால் கொள்முதல் அறைச் சுவரில் ஒட்டிய நாளிலிருந்தே, "இந்த வருஷம் லாபம் மூணு மடங்காமே, போனஸும் மூணு மடங்கா?" என்ற பேச்சு ஊரில் ஓடுகிறது. அது அப்படி இல்லை. ஏன் இல்லை என்று சொல்லத்தான் இந்தக் குறிப்பு.

முதலில் அளவு. ஒரு சென்டிமீட்டர் உயரம் ஐந்து லட்சம் ரூபாய். 2024-25க்கு வரவு 52.4 லட்சம், செலவு 51.1 லட்சம். பச்சைப் பட்டை பத்தரை சென்டிமீட்டர் உயரம். சிவப்பு அதைவிட மூன்று மில்லிமீட்டர்கூடக் குறைவில்லை. 'கீழே 45 லட்சத்திலிருந்து தொடங்கியிருந்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்திருக்குமே' என்று நிர்வாகக் குழுவிலேயே கேட்டார்கள். தெரிந்திருக்கும், ஆனால் ஏதோ பெரிய லாபம் கொட்டுகிற மாதிரித் தெரிந்திருக்கும். நம் சங்கத்தில் மிஞ்சுவது இவ்வளவுதான் என்பது கண்ணுக்குத் தெரியட்டும் என்றுதான் பூஜ்யத்திலிருந்து வரைந்தோம்.

சிவப்புப் பட்டை உயரமாக இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அதில் 42.9 லட்சம் உங்கள் கைக்கு வந்த பால் பணம். செலவாகும் நூறு ரூபாயில் 84 ரூபாய் பட்டுவாடாவில் உங்களிடமே வந்துவிடுகிறது. மீதியில் தீவனம் வாங்கியது 4.1 லட்சம், சம்பளம் 2.5 லட்சம், மின்சாரம், வண்டிக் கூலி, பரிசோதனைச் சாமான், தணிக்கைக் கட்டணம் எல்லாம் சேர்ந்து 1.6 லட்சம்.

இப்போது அந்த 'மூணு மடங்கு' விஷயத்துக்கு வருகிறேன். 2023-24இல் வரவு 51.0, செலவு 50.6, மிச்சம் 40 ஆயிரம். 2024-25இல் மிச்சம் 1.3 லட்சம். படத்தில் இருப்பது உண்மையான எண்கள்தான். ஆனால் இந்தப் படம் ரொக்கப் புத்தகத்தை வைத்து வரைந்தது: பணம் எந்த வருடம் கைக்கு வந்ததோ அந்த வருடத்தில் விழும். 2024 மார்ச் கடைசியில் நாம் பால் ஒன்றியத்துக்கு அனுப்பிய பாலுக்கு வரவேண்டியதில் 90 ஆயிரம் ஏப்ரலில்தான் நம் கணக்கில் ஏறியது. உறுப்பினர்களுக்கோ மார்ச்சிலேயே இருப்பிலிருந்து எடுத்து முழுப் பட்டுவாடா செய்துவிட்டோம். அதனால் செலவு பழைய வருடத்திலும் வரவு புதிய வருடத்திலும் நிற்கிறது. இந்த மார்ச்சில் பாக்கி எதுவும் இல்லை. அந்த 90 ஆயிரத்தை அதற்குரிய வருடத்தில் வைத்துப் பாருங்கள்: 2023-24இல் மிச்சம் 1.3 லட்சம், 2024-25இல் வெறும் 40 ஆயிரம். படம் காட்டுவதற்கு நேர் எதிர். போனஸும் ஈவுத்தொகையும் இந்தப் படத்தை வைத்து முடிவாகாது. தணிக்கை முடிந்த லாப நட்டக் கணக்கை வைத்துத்தான். அதில் வருடப் பாக்கிகள் சரியான இடத்தில் இருக்கும்.

இன்னொன்று. 2021-22இல் 49.7 லட்சமாக இருந்த பச்சைப் பட்டை இப்போது 52.4 ஆகியிருக்கிறது. சங்கம் வளர்ந்திருக்கிறது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் பால் குறைந்திருக்கிறது. அன்று 1,46,000 லிட்டர், இன்று 1,34,000. பட்டையைத் தூக்கி நிறுத்தியது விலைதான். 2022 நவம்பரில் அரசு கொள்முதல் விலையை லிட்டருக்கு மூன்று ரூபாய் உயர்த்தியது நினைவிருக்கும். பசும்பால் 32 ரூபாயிலிருந்து 35 ஆனது. தீவன விற்பனையும் மூட்டை விலை ஏறியதால் கூடியதே தவிர, மூட்டைகள் கூடவில்லை. பணத்தில் வளர்ந்து பாலில் தேய்வது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. கறவை மாட்டை விற்றுவிட்டுக் கூலி வேலைக்குப் போகிற வீடுகள் நம் தெருக்களில் கூடிக்கொண்டிருப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

சங்கத்தின் கையில் இருக்கிற ஒரு வழி உள்ளூர் விற்பனை. கொழுப்பும் இதரச் சத்தும் பார்த்து உங்களுக்குச் சராசரியாக லிட்டருக்கு 32 ரூபாய் கொடுக்கிறோம். அதே பாலை ஒன்றியத்துக்கு அனுப்பினால் சங்கத்துக்கு 34 ரூபாய்கூடக் கிடைப்பதில்லை. ஊருக்குள் விற்றால் 42 ரூபாய் 50 காசு. ஆனால் வருடத்துக்கு 12,000 லிட்டர்தான் ஊருக்குள் விற்கிறோம், அதாவது நாளுக்கு 33 லிட்டர். காலையில் ஆறரைக்கே உள்ளூர்ப் பால் தீர்ந்து, பாத்திரத்தோடு வந்தவர்கள் திரும்பிப் போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நாளுக்கு 50 லிட்டராக உயர்த்தலாம் என்பது என் கருத்து. வரும் பேரவைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக வைக்கிறேன்.

பேரேடும் ரொக்கப் புத்தகமும் கூட்டம் வரை தினமும் காலைக் கொள்முதல் முடிந்ததும் அலுவலக மேஜையில் இருக்கும். உங்கள் பால் அட்டையையும் எடுத்து வந்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஐயம் இருந்தால் கூட்டத்துக்கு முன்பே கேளுங்கள். பதில் சொல்ல நான் அங்கேதான் இருப்பேன்.

பொருளாளர்