கே.எம்.பி: பலகைப் படத்தில் இருந்ததைப் படிப்படியாக

கவின், கே.எம்.பி பாடம் இருந்த பலகையைப் படமெடுத்து, படிப்படியாக எழுதித் தரச் சொல்லி நீ அனுப்பின ரெண்டு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் படம் தெளிவு. ரெண்டாவதில் ஜன்னல் வெளிச்சம் பட்டு வலது கீழ் மூலை வெள்ளையடித்த மாதிரி இருக்கிறது, கடைசி வரி பாதிதான் தெரிகிறது. ஆனாலும் பிரச்சினை இல்லை, அது என்னவாக இருக்க முடியும் என்று பலகையில் எழுதியிருக்கும் உதாரணமே சொல்லிவிடுகிறது. அதைக் கீழே அந்த இடம் வரும்போது பார்ப்போம்.

பலகையில் இருப்பது கே.எம்.பி, அதாவது கனூத், மோரிஸ், பிராட் மூன்று பேரும் 1977-ல் சேர்ந்து வெளியிட்ட தேடல் முறை. ஒரு பெரிய எழுத்துச்சரத்துக்குள் ஒரு சின்னப் பேட்டர்ன் எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடுவது. சாதாரணமாகத் தேடினால் பொருந்தாமல் போகும்போதெல்லாம் பேட்டர்னை ஒரு இடம் நகர்த்தி முதலிலிருந்து ஒப்பிடுவோம். இதில் டெக்ஸ்ட்டில் ஒருமுறை தாண்டின எழுத்துக்குத் திரும்பவே போவதில்லை. அதற்காகப் பேட்டர்னை மட்டும் வைத்து முதலில் ஒரு அட்டவணை போட்டுக்கொள்கிறோம். முதல் படம் அந்த அட்டவணை, ரெண்டாவது படம் தேடல்.

உள்ளே போகும் முன் படத்தைப் படிக்கும்போது தடுக்கிய விஷயங்கள். `←` என்றால் மதிப்பைப் போடு. தனி `=` என்றால் சமமா என்று கேள்வி. பலகையில் இந்த ரெண்டும் சரியாகப் பிரித்துத்தான் எழுதியிருக்கிறது, நோட்டில் எழுதும்போது கலக்காதே. `n` மாதிரித் தெரிவதில் பாதி `n` இல்லை, `π`. அடைப்புக்குறிக்கு முன்னால் வந்தால் அது `π` என்ற அட்டவணை, தனியாக வந்தால்தான் `n`. அப்புறம் `P[k+1]` சில இடத்தில் `P[k]+1` போலத் தெரிகிறது. எழுத்தோடு ஒன்றைக் கூட்ட வேலையே இல்லை, எல்லா இடத்திலும் `P[k+1]` தான். எழுத்துகளின் இடங்களை எண்ணுவது 1-லிருந்து ஆரம்பம், 0-லிருந்து இல்லை.

முதல் படத்தில் நான் படித்தது இது:

```
PREFIX(P, m)
  π[1] ← 0
  k ← 0
  for q ← 2 to m
      while k > 0 and P[k+1] ≠ P[q]
          k ← π[k]
      if P[k+1] = P[q]
          k ← k + 1
      π[q] ← k
  return π
```

இதில் `if` வரி `while`-க்கு உள்ளேயா வெளியேயா என்பதுதான் படத்தில் உண்மையிலேயே சந்தேகம், சாக்பீஸ் கோடு கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. வெளியேதான். உள்ளே இருந்தால் `k` 0-ஆக இருக்கும்போது `while` ஓடவே ஓடாது, `if`-ஐ யாரும் பார்க்க மாட்டார்கள், `k` கடைசிவரை 0-விலேயே நிற்கும், அட்டவணை முழுக்க 0 வந்துவிடும்.

சரி, இப்போது படிகள்.

பகுதி 1: அட்டவணை போடுவது

உள்ளீடு: பேட்டர்ன் `P`, அதன் நீளம் `m`. `m` குறைந்தது 1.
வெளியீடு: `π` என்ற அர்ரே, `m` இடம். `π[q]` என்பது, `P`-யின் முதல் `q` எழுத்துகளை மட்டும் எடுத்தால், அதன் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே மாதிரி இருக்கும் மிக நீளமான துண்டின் நீளம். அந்த `q` எழுத்து முழுவதையும் அப்படியே எடுத்துக்கொண்டால் கணக்கில் சேராது, அதைவிடச் சின்னதாக இருக்க வேண்டும்.

1. `π[1]`-ல் 0 போடு. ஒரே எழுத்துக்குள் அதைவிடச் சின்னத் துண்டு கிடையாது.
2. `k`-வை 0 ஆக்கு. இதுவரை தொடக்கத்தோடு பொருந்தி வந்திருக்கும் எழுத்துகள் எத்தனை என்பதுதான் `k`, எப்போதும்.
3. `q`-வை 2-லிருந்து `m` வரை ஒவ்வொன்றாக எடு, 2-ம் சேர்த்து `m`-ம் சேர்த்து. ஒவ்வொரு `q`-க்கும் 4, 5, 6 மூன்றையும் செய். `m` = 1 என்றால் இந்த லூப்புக்குள் போகவே மாட்டோம், நேராக 7.
4. உள் லூப். தொடர ரெண்டு நிபந்தனையும் உண்மையாக இருக்க வேண்டும்: `k` 0-வைவிடப் பெரியது, `P`-யின் `k+1`-வது எழுத்தும் `q`-வது எழுத்தும் வேறு வேறு. அப்படி இருக்கும்வரை `k`-வில் `π[k]`-வைப் போட்டுவிட்டு மறுபடி நிபந்தனையைப் பார். `k` 0 ஆனாலோ எழுத்து பொருந்தினாலோ நிறுத்து. எது காரணமாக நின்றது என்று இந்தப் படிக்குத் தெரியாது, அதனால்தான் அடுத்த படி திரும்பவும் கேட்கிறது.
5. `P[k+1]`-ம் `P[q]`-ம் ஒன்றா? ஆம் என்றால் `k`-வை 1 கூட்டு. இல்லை என்றால் `k`-வைத் தொடாதே, அது இப்போது 0-வாகத்தான் இருக்கும்.
6. `π[q]`-ல் `k`-வைப் போடு. அடுத்த `q`-க்குப் போகும்போது `k`-வை மறுபடி 0 ஆக்கக்கூடாது, இருக்கும் மதிப்போடுதான் போகணும்.
7. `π`-யைத் திருப்பிக் கொடு.

படி 4-ல் `k ← π[k]` ஏன், சும்மா `k ← k - 1` போட்டால் என்ன என்று கேட்பாய். பலகையில் இருக்கும் AABAAAB-ஐயே போட்டுப் பார். `q` = 5 முடியும்போது `k` 2: AABAA-வின் தொடக்கம் AA, முடிவும் AA. இப்போது `q` = 6, எழுத்து A. `P[3]` B, பொருந்தவில்லை. AA பொருந்தியிருந்தது, அது போனால் அதற்குள்ளேயே தொடக்கமும் முடிவுமாக அடுத்து எது பொருந்தும்? அதைத்தான் ஏற்கெனவே `π[2]`-ல் எழுதி வைத்திருக்கிறோம், 1. `k` 1 ஆகிறது. `P[2]` A, பொருந்துகிறது, லூப் நிற்கிறது. படி 5-ல் `k` 2 ஆகிறது, `π[6]` = 2. ஒன்று ஒன்றாகக் குறைத்தால் சில பேட்டர்னில் விடை தற்செயலாகச் சரியாக வரும், இதிலும் வரும், அதை நம்பாதே. ABABB-ல் `q` = 5-ஐப் போட்டுப் பார்: `k` 2, `P[3]` A, எழுத்து B, பொருந்தவில்லை. ஒன்று குறைத்தால் `k` 1, `P[2]` B பொருந்துகிறது, `π[5]` = 2 என்று வரும். ஆனால் ABABB-யின் கடைசி ரெண்டு எழுத்து BB, தொடக்கம் AB. தப்பு. `π[2]` 0, அதன்படி போனால் `π[5]` = 0, அதுதான் சரி.

AABAAAB முழுக்க வரும் விடை: 0, 1, 0, 1, 2, 2, 3. பலகையில் கட்டம் போட்டு எழுதியிருப்பதோடு ஒத்துப்போகிறது.

பகுதி 2: தேடுவது

ரெண்டாவது படத்தில் `q` என்ற அதே எழுத்து வேறு வேலைக்கு வருகிறது. முதலில் அது பேட்டர்னில் நாம் நிற்கும் இடம். இங்கே இதுவரை பொருந்திய எழுத்துகளின் எண்ணிக்கை, அதாவது முதல் பகுதியின் `k` செய்த வேலை. இப்படி எழுதுவது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் பரீட்சையில் பலகையில் இருந்த எழுத்தைத்தான் எதிர்பார்ப்பார்கள், அதனால் மாற்றாமல் விட்டிருக்கிறேன்.

உள்ளீடு: டெக்ஸ்ட் `T`, அதன் நீளம் `n`, பேட்டர்ன் `P`, நீளம் `m`, பகுதி 1-ல் கிடைத்த `π`.
வெளியீடு: பேட்டர்ன் பொருந்தும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண், அச்சிடப்படும். அந்த எண் பேட்டர்ன் தொடங்கும் முன் எத்தனை எழுத்து தாண்டினோம் என்பது, ஆகவே முதல் எழுத்திலேயே பொருந்தினால் 0. எங்கேயும் இல்லையென்றால் ஒன்றும் அச்சாகாது. திருப்பிக் கொடுப்பது எதுவும் இல்லை.

1. `q`-வை 0 ஆக்கு.
2. `i`-யை 1-லிருந்து `n` வரை ஒவ்வொன்றாக எடு, `n`-ம் சேர்த்து. ஒவ்வொரு `i`-க்கும் 3, 4, 5. `i` ஒருபோதும் பின்னால் போகாது.
3. உள் லூப்: `q` 0-வைவிடப் பெரியது, கூடவே `P[q+1]`-ம் `T[i]`-யும் வேறு. ரெண்டும் உண்மையாக இருக்கும்வரை `q`-வில் `π[q]`-வைப் போடு.
4. `P[q+1]`-ம் `T[i]`-யும் ஒன்று என்றால் `q`-வை 1 கூட்டு.
5. `q` இப்போது `m`-க்குச் சமமா? சமம் என்றால் (அ) `i - m`-ஐ அச்சிடு, (ஆ) `q`-வில் `π[q]`-வைப் போடு. இல்லையென்றால் அடுத்த `i`.

5(ஆ) தான் வெளிச்சத்தில் மறைந்த வரி. `q ←` வரைதான் தெரிகிறது. அங்கே 0 இருக்கலாமா என்று யோசித்தேன். பலகையின் அடியில் T = AABAABA, P = AABA, விடை 0, 3 என்று இருக்கிறது இல்லையா, அதை வைத்துப் பார்த்தால் முடிவாகிவிடும். இந்தப் பேட்டர்னுக்கு `π` 0, 1, 0, 1. `i` = 4-ல் `q` 4 ஆகிறது, 0 அச்சாகிறது. அப்போது `q`-வை 0 ஆக்கினால், `i` = 5-ல் A பொருந்தி `q` 1, `i` = 6-ல் B வருகிறது, `P[2]` A, பொருந்தாமல் `q` திரும்ப 0, `i` = 7-ல் 1, முடிந்தது; 3 வரவே வராது. `π[4]` = 1-ஐப் போட்டால் `i` = 5, 6, 7-ல் `q` 2, 3, 4 என்று ஏறி 7 - 4 = 3 அச்சாகிறது. ரெண்டு பொருத்தமும் நாலாவது எழுத்தான A-வைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. அந்த வரியே இல்லையென்றால் இன்னும் மோசம், அடுத்த `i`-யில் `P[m+1]`-ஐக் கேட்போம், அப்படி ஒரு எழுத்தே கிடையாது.

நேரக் கணக்கு கேட்டால்: லூப்புக்குள் லூப் இருப்பதைப் பார்த்து `n × m` என்று எழுதிவிடாதே, நிறையப் பேர் மதிப்பெண் விடுவது அங்கேதான். `q` ஒரு `i`-க்கு அதிகபட்சம் ஒன்றுதான் ஏறும், ஆக மொத்தம் `n` தடவைக்கு மேல் ஏறாது. உள் லூப் ஓடும் ஒவ்வொரு தடவையும் `q` குறைந்தது ஒன்று இறங்குகிறது, 0-க்குக் கீழே போவதும் இல்லை. ஏறினதைவிட அதிகமாக இறங்க முடியாது என்பதால் உள் லூப் எல்லா `i`-க்கும் சேர்த்தே `n` தடவைக்கு மேல் ஓடாது. தேடலுக்கு `n` அளவு, அட்டவணைக்கு அதே காரணத்தால் `m` அளவு, மொத்தம் `n + m`.

லேபில் சி-யிலோ பைத்தானிலோ எழுதும்போது இடங்களை எண்ணுவது 0-லிருந்து தொடங்கும். `k`-வும் தேடலில் வரும் `q`-வும் எண்ணிக்கைகள், அவை மாறாது. இடங்கள்தான் ஒன்று குறையும். `P[k+1]` என்பது `P[k]` ஆகும், `π[k]` என்பது `pi[k-1]` ஆகும், முதல் லூப் 1-லிருந்து `m-1` வரை, அச்சிடுவது `i - m + 1`. தேடலில் `P[q+1]`-க்கும் `π[q]`-வுக்கும் அதே மாற்றம்தான், 5(ஆ)-வையும் மறக்காதே. மாற்றிவிட்டு AABAABA-வைக் கொடுத்துப் பார், 0, 3 வரணும்.