கேலக்ஸி ஏ06 பெட்டி திறந்தாச்சு: சார்ஜருக்கும் சேர்த்துக் காசு எடுத்து வையுங்க

📦 பெட்டி மெல்லிசு. கையில தூக்கினவுடனேயே விளங்கும், உள்ளுக்கு சார்ஜர் இல்ல.

சாம்சங் கேலக்ஸி ஏ06. 4 ஜிபி ராம், 128 ஜிபி, இளநீலம். மட்டக்களப்பு டவுன் கடையில பில் போட்டு, முழுக்காசும் கொடுத்து வாங்கின போன் இது. விளம்பரத்துக்கு வந்ததில்ல, அதனால உள்ளதை உள்ளபடி சொல்றோம்.

பெட்டிக்குள்ள போன், ரெண்டு நுனியும் டைப்-சியா இருக்கிற கேபிள், சிம் ஊசி, ஒரு சின்னக் கையேடு. அவ்வளவுதான். கவரும் இல்ல, இயர்போனும் இல்ல.

இந்தக் கேபிள்லதான் கனபேர் மாட்டுப்படப் போறாங்க. வீட்டுல கிடக்கிற பழைய சார்ஜர்ல பெரிய, தட்டையான யுஎஸ்பி ஓட்டைதான் இருக்கும். டைப்-சி நுனி அதுக்குள்ள போகாது. அப்ப அவசரத்துக்குப் பக்கத்துக் கடையில கிடைக்கிற மலிவான சார்ஜரை வாங்கிடுவம். அது 5 வோல்ட் 2 அம்பியர், அதாவது 10 வாட்தான் தரும். இந்த போன்ல இருக்கிறது 5000 எம்ஏஎச் பற்றரி. 10 வாட்ல ஏத்தினா முழுசா நிரம்ப மூண்டு மணித்தியாலத்துக்குக் கிட்டப் போகும். பிறகு "போன் சரியில்ல, சார்ஜ் ஏறுதில்ல" எண்டு போனுக்குத்தான் பேச்சு.

போன் 25 வாட் வரைக்கும் வாங்கும். அதுக்கு சார்ஜர்ல PPS எண்டு அச்சடிச்சிருக்க வேணும். சார்ஜரோட அடிப்பக்கத்தில பொடி எழுத்தில Output வரி இருக்கும், கடையிலயே போன் டார்ச் அடிச்சு வாசியுங்க: 9.0V 2.77A, அதுக்குக் கீழ PPS. இந்த ரெண்டும் இருந்தாச் சரி. பெட்டியில "Fast Charge" எண்டு பெரிசாப் போட்டிருக்கிறதை நம்பிக் காசு கொடுக்காதீங்க. மூண்டு தட்டைப் பின் உள்ளதாவே கேளுங்க, இல்லாட்டி அடாப்டர் மேல அடாப்டர் குத்தி, பிளக் தளர்ந்து, சார்ஜ் விட்டு விட்டு ஏறும். போனுக்கு ஒதுக்கின காசிலேயே இந்த சார்ஜருக்கும் இடம் வையுங்க.

கடையை விட்டு வெளிக்கிட முதல் இன்னொரு வேலை இருக்கு. டயலர்ல *#06# அடியுங்க, ரெண்டு சிம்முக்கும் ரெண்டு IMEI வரும். பெட்டியில ஒட்டியிருக்கிற இலக்கத்தோட ரெண்டும் ஒத்துப்போகுதா பாருங்க. பிறகு IMEI எண்டு எழுதி, ஒரு இடைவெளி விட்டு, 15 இலக்கத்தையும் போட்டு 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்க. தொலைத்தொடர்பு ஆணைக்குழுவில பதிவான போனா இல்லையா எண்டு பதில் வரும். 2025 ஜனவரி 28க்குப் பிறகு புதுசா இணைக்கிற பதிவில்லாத போனுக்கு நெட்வேர்க் கிடைக்காது எண்டு ஆணைக்குழு அறிவிச்சிருக்கு. ஆயிரம் ரெண்டாயிரம் குறைவு எண்டு பதிவில்லாததை எடுத்தா, வீட்டுல வைஃபைக்கு மட்டும்தான் உதவும். வொரண்டி முகவர் தாறதா, கடை மட்டும் தாறதா எண்டும் கேட்டு, பில்லிலயே எழுதி வாங்குங்க.

சரி, போனுக்கு வருவம். 6.7 இன்ச் ஸ்க்ரீன், நல்ல பெரிசு. ஆனா தெளிவு 720க்கு 1600தான், ரிஃப்ரெஷ் 60 ஹேர்ட்ஸ். படம், யூடியூப் பார்க்கையில பெரிய குறையாத் தெரியாது. தமிழ் வாசிக்கையிலதான் பிடிபடும். வட்ஸ்அப்ல எழுத்தைச் சின்னதா வைச்சுக்கொண்டு "கண்ணன்" எண்டு வாசிச்சுப் பாருங்க, ணகரத்தோட சுழி ஒண்டோட ஒண்டு ஒட்டி, மேல இருக்கிற புள்ளி பஞ்சு மாதிரி மங்கும். Settings, Display, Font size and style போய் எழுத்தை ஒரு படி கூட்டினா வாசிக்க லேசாயிடும். வீட்டுல அம்மா, அப்பாவுக்கு வாங்கிறதெண்டா முதல் இதைச் செய்து கொடுங்க. கல்லடிக் கடற்கரையில உச்சி வெயிலுக்கு இந்த ஸ்க்ரீனை நிழல் பிடிச்சுத்தான் பார்க்க வேணும், எல்சிடிதானே.

வேகம்: ஹீலியோ ஜி85, 4 ஜிபி ராம். கோல், வட்ஸ்அப், ஃபேஸ்புக், சூம் வகுப்பு, பேங்க் ஆப் எல்லாத்துக்கும் போதும். நாலைஞ்சு ஆப் திறந்து வைச்சுக்கொண்டு மாறி மாறிப் போனா, முதல் திறந்தது திரும்ப லோட் ஆகும். உள் ஸ்டோரேஜ் இஎம்எம்சி வகை, வேகம் குறைஞ்சது. RAM Plus எண்டு காட்டுறது அந்த ஸ்டோரேஜ்ல ஒரு பங்கைத்தான் ராம் எண்டு எடுத்துக்கொள்ளுது, அதை நம்பி "8 ஜிபி ராம்" எண்டு யாராவது விற்க வந்தா ஏமாறாதீங்க. முதல்தரம் ஒன் பண்ணி செட்டப் முடியிற இடத்தில ஆப் பட்டியல் ஒண்டு வந்தா, வேண்டாததுக்கு எல்லாம் டிக்கை எடுத்துவிட்டுப் போங்க. அவசரத்தில Next அடிச்சா தேவையில்லாத கேம் எல்லாம் இறங்கி டேட்டாவைத் தின்னும்.

பெட்டியில பெரிசா எழுதாத குறை ஒண்டு இருக்கு. ஜைரோவும் இல்ல, திசைகாட்டி சென்சரும் இல்ல. பப்ஜியில போனைச் சரிச்சுக் குறி பார்க்கிறவங்க இதைத் தொடவே வேண்டாம். காத்தான்குடி, கல்முனைப் பக்கம் கிப்லா ஆப் பாவிக்கிறவங்க கவனிங்க, ஊசி சுத்துற ஆப் இதில வேலை செய்யாது. மெப்பில கிப்லாவுக்குக் கோடு போட்டுக் காட்டுற ஆப் எண்டா பிரச்சினை இல்ல. மெப்பில நீங்க நிக்கிற இடம் சரியாக் காட்டும், எந்தப் பக்கம் பார்த்து நிக்கிறீங்க எண்டது நாலடி நடந்தாத்தான் விளங்கும். சாம்சங் வாங்கினா கடையிலயே *#0*# அடிச்சு Sensor பட்டனைத் தட்டிப் பாருங்க, உள்ளது இல்லாதது எல்லாம் தெரிஞ்சிடும்.

கமரா பின்னுக்கு ரெண்டு, உருப்படியானது ஒண்டுதான். 50 எம்பி பகல் வெளிச்சத்தில மனம் குளிர எடுக்குது, வாவிக்கரைப் படங்களை அடுத்த ஸ்லைட்ல பாருங்க, எதையும் எடிட் பண்ணயில்ல. மற்றது 2 எம்பி, பின்னணியை மங்கலாக்க மட்டும். வைட் கமரா இல்ல. கோயில் திருவிழாவில இரவு சுவாமி வெளிவீதி வரையில கை கொஞ்சம் ஆடினாலும் படம் கலங்கும். முழங்கையை உடம்போட ஒட்டிப் பிடிச்சு எடுங்க. வீடியோ 1080 வரைக்கும்.

எங்களுக்கு மனசுக்குப் பிடிச்சது பக்கத்துப் பட்டன். ஃப்ரேம் அந்த இடத்தில மட்டும் லேசாப் புடைச்சிருக்கு, பார்க்காமலே பெருவிரல் அங்க போய் நிக்கும். விரல்ரேகையும் அதிலதான், ஈரக்கைக்கு எடுக்காது. ரெண்டு கைப் பெருவிரலையும் பதிஞ்சு வையுங்க. ரெண்டு சிம்மோட மெமரி காட்டுக்கும் தனி இடம், 3.5 எம்எம் இயர்போன் ஓட்டை, ரெண்டுமே இந்த விலையில பெரிய வரம். நீர்காப்புத் தரம் எதுவும் இல்ல. தோணிக்கும் வயலுக்கும் கொண்டுபோறவங்க ஸிப் வைச்ச பை ஒண்டுக்குள்ள போட்டுக்கொள்ளுங்க, உப்புக்காத்து சார்ஜ் ஓட்டையைத்தான் முதல்ல தின்னும்.

4ஜி போன் இது, 5ஜி இல்ல. அண்ட்ரொய்ட் 14ல வருது, அதுக்கு மேல ரெண்டு பெரிய அப்டேட் வரைக்கும் உண்டு.

வீட்டுப் பெரியவங்களுக்கும், ஏ/எல் பிள்ளையோட வகுப்புக்கும், கடைக்கணக்குக்கும் தாராளமா எடுங்க. கேம் விளையாடுற தம்பிமார் இன்னும் கொஞ்சம் சேர்த்துப்போட்டு ஜைரோ உள்ளதைப் பாருங்க. பத்து நாள் பாவிச்ச பிறகு பற்றரி எவ்வளவு நிக்குது எண்டு தனி வீடியோ வரும்.

#கேலக்ஸிஏ06 #மட்டக்களப்பு #கல்முனை #அம்பாறை #பெட்டிதிறப்பு