லாபம் 44.6 லட்சத்திலிருந்து 33.3 லட்சமானது எப்படி: செலவுத் தலைப்பு வாரியாக அருவி வரைபடம், 2024-25

பெறுநர்: பங்குதாரர்கள் அனைவருக்கும்
அனுப்புநர்: கணக்கு மேலாளர், நூற்பாலை அலுவலகம், வேடசந்தூர்
பொருள்: ஜூன் 2025 ஆண்டுக் கூட்டத்துக்கான குறிப்பு

மதிப்பிற்குரிய பங்குதாரர்களுக்கு வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பார்த்ததும் பெரிய ஐயா போனில் கேட்ட கேள்வி இதுதான்: "விற்பனை முக்கால் கோடி கூடியிருக்குதே, அப்புறம் லாபம் எப்படிப்பா குறையும்?" நியாயமான கேள்வி. கூட்டத்தில் எல்லோரும் இதையேதான் கேட்பீர்கள் என்பதால், பதிலைப் படமாகவே போட்டு முன்கூட்டி அனுப்புகிறேன்.

தொகைகள் அனைத்தும் லட்சம் ரூபாயில், வருமான வரிக்கு முந்தையவை. இரண்டு ஆண்டிலும் நூல் இருப்பில் பெரிய மாற்றமில்லை. அதனால் விற்ற கிலோவையே உற்பத்தியாக எடுத்துக்கொண்டேன்.

```
███████████████...........................  44.6  2023-24 லாபம்
...............+++++++++++++++++++++++++.. +74.0  நூல் விற்பனை
........................................++  +8.0  கழிவுப் பஞ்சு விற்பனை
...............................----------- -34.0  பஞ்சு
................---------------........... -44.8  மின்சாரம்
.......---------.......................... -27.0  கூலி, சம்பளம்
.....--...................................  -6.0  பேக்கிங், லாரி, கமிஷன்
....-.....................................  -3.5  அலுவலகச் செலவு
....+++...................................  +9.0  ஸ்டோர்ஸ், பராமரிப்பு
.......+++................................ +10.0  வட்டி
..........+...............................  +3.0  தேய்மானம்
███████████...............................  33.3  2024-25 லாபம்
```

ஒரு கட்டம் ஏறக்குறைய 3 லட்சம். ஒவ்வொரு வரியும் மேல் வரி நின்ற இடத்திலிருந்து தொடங்குகிறது. கூட்டல் குறி இருந்தால் லாபம் வலப்பக்கம் நகர்ந்திருக்கிறது, கழித்தல் குறி இருந்தால் இடப்பக்கம். செலவு குறைந்திருந்தால் அது லாபத்துக்குக் கூட்டல்தான். பராமரிப்பும் வட்டியும் தேய்மானமும் அப்படி வந்தவை. படத்துக்குப் பின்னால் உள்ள இரண்டாண்டுத் தொகைகள்:

| தலைப்பு | 2023-24 | 2024-25 |
|---|---|---|
| நூல் விற்பனை | 3328.0 | 3402.0 |
| கழிவு விற்பனை | 118.0 | 126.0 |
| பஞ்சு | 2430.0 | 2464.0 |
| மின்சாரம் | 470.4 | 515.2 |
| கூலி, சம்பளம் | 205.0 | 232.0 |
| பேக்கிங், லாரி, கமிஷன் | 62.0 | 68.0 |
| அலுவலகச் செலவு | 40.0 | 43.5 |
| ஸ்டோர்ஸ், பராமரிப்பு | 64.0 | 55.0 |
| வட்டி | 78.0 | 68.0 |
| தேய்மானம் | 52.0 | 49.0 |
| லாபம் | 44.6 | 33.3 |

விற்பனை

போன வருஷம் 12.80 லட்சம் கிலோ விற்றோம், இந்த வருஷம் 13.50 லட்சம் கிலோ. கூடுதல் 70,000 கிலோவைப் பழைய விலையான 260 ரூபாய்க்கே விற்றிருந்தால் 182 லட்சம் கூடியிருக்கும். ஆனால் சராசரி விலை 252 ஆகிவிட்டது. கிலோவுக்கு 8 ரூபாய் குறைந்ததில் 108 லட்சம் போயிற்று. மிஞ்சியதுதான் படத்தில் உள்ள 74.

விற்பனைக் கோட்டைப் பார்த்து உற்சாகப்பட்டால் ஏமாற்றம்தான் வரும். கூடுதல் நூலுக்குக் கூடுதல் பஞ்சு, கரண்ட், ஓவர்டைம், கோன், லாரி எல்லாம் வேண்டும். அவற்றைக் கழித்து, கூடுதல் கழிவு விற்ற பணத்தைச் சேர்த்தால், 70,000 கிலோ நமக்குத் தந்தது 15.5 லட்சம். பெரிய ஐயா கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது.

பஞ்சு

படத்தில் பஞ்சுக்கு நேரே 34 லட்சம் என்று ஒரே பட்டை இருக்கிறது. அதற்குள் மூன்று விஷயங்கள் அடங்கியிருப்பதால் பிரித்துக் காட்டியே ஆக வேண்டும்.

முதலாவது விலை. ஆலைக்கு வந்து சேர்ந்த பஞ்சு கிலோ 162 ரூபாயிலிருந்து 154 ஆனது. 356 கிலோ கண்டிக்கு 57,672 ரூபாய் கொடுத்த இடத்தில் 54,824 கொடுத்தோம். இதில் மட்டும் 128 லட்சம் மிச்சம். நூலும் 8 ரூபாய் இறங்கியது, பஞ்சும் 8 ரூபாய் இறங்கியது, கணக்கு நேராகிவிட்டது என்று சிலர் சொன்னார்கள். அது சரியல்ல. ஒரு கிலோ நூலுக்கு ஒரு கிலோவுக்கு மேலேயே பஞ்சு போகிறது. ஆகவே விலை மாற்றத்தில் நாம் 20 லட்சம் முன்னால்தான் இருக்கிறோம். கொள்முதல் பிரிவைக் குறை சொல்ல இடமே இல்லை.

இரண்டாவது அளவு. கூடுதல் நூலுக்குப் போன ஆண்டு விகிதத்தில் 82,031 கிலோ பஞ்சு வேண்டும். அது 132.9 லட்சம்.

மூன்றாவது யீல்டு. நான் அதிகம் பேச விரும்புவது இதைப் பற்றித்தான். 100 கிலோ பஞ்சில் 85.3 கிலோ நூல் எடுத்த ஆலை இந்த வருஷம் 84.4 கிலோ எடுத்திருக்கிறது. ஒரு கிலோகூட இல்லையே என்று தோன்றும். ஆனால் 16 லட்சம் கிலோ பஞ்சு அரைக்கும் இடத்தில் அது 17,969 கிலோ, பழைய விலையில் 29.1 லட்சம் ரூபாய். கூடுதலாக விழுந்த கழிவை விற்றதில் 9.6 லட்சம் திரும்பியது. அதைக் கழித்தாலும் 19.5 லட்சம் நிஜமான நஷ்டம். கழிவு விற்பனை 8 லட்சம் கூடியதாகப் படம் காட்டுகிறது. அந்த வரவே இந்த நஷ்டத்தின் நிழல்தான். கழிவின் விலையும் இறங்கியதால் அது 8 லட்சத்தோடு நின்றது.

பராமரிப்பில் மிச்சமான 9 லட்சம்

மேலே சொன்ன யீல்டையும் இந்த மிச்சத்தையும் தயவுசெய்து சேர்த்தே படியுங்கள். படத்தில் இரண்டும் தள்ளித் தள்ளி இருப்பதால் தொடர்பு தெரியாது.

செப்டம்பரில் கார்டிங் வயர் மாற்ற வேண்டும் என்று ஸ்பின்னிங் மாஸ்டர் எழுதிக் கொடுத்திருந்தார். பணம் இறுக்கமாக இருந்த மாதம் அது. எட்டு கார்டில் இரண்டுக்கு மட்டும் மாற்றிவிட்டு மற்ற ஆறையும் தள்ளிவைத்தோம். டாப் ரோலர் காட்ஸும் ஏப்ரனும் அதே கதைதான். அந்தத் தாளில் என் கையெழுத்தும் இருக்கிறது.

வயர் மழுங்கினால் ஸ்லைவரில் நெப் கூடும். நெப்பை அடக்க ஃபிளாட் வேகத்தைக் கூட்டுவார்கள். அப்போது தூசியோடு நல்ல நாரும் சேர்ந்து வெளியே போகும். ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை 85.1 ஆக இருந்த யீல்டு அடுத்த ஆறு மாதத்தில் 83.6 சொச்சத்துக்கு இறங்கியதை மாதக் கணக்கு காட்டுகிறது.

விலை மலிந்த பஞ்சில் குப்பை அதிகம் இருந்திருக்கலாமே என்று எனக்கும் சந்தேகம் வந்தது. அதனால் மே மாதம் மாஸ்டரும் நானும் ஒரே லாட் பஞ்சை இரண்டு விதமாக ஓட்டிப் பார்த்தோம். புது வயர் போட்ட கார்டில் கழிவு 5.1 சதவீதம். பழைய வயர் கார்டில் 6.2. பஞ்சு ஒன்று, ஷிஃப்ட் ஒன்று, ஆள் ஒன்று. எனவே பெரும்பகுதிக் குற்றம் வயர் மேல்தான்.

19.5 லட்சம் இழந்து 9 லட்சம் மிச்சம் பிடித்திருக்கிறோம். நிகர இழப்பு 10.5 லட்சம். லாபம் குறைந்திருப்பதோ 11.3 லட்சம்.

மின்சாரம்

படத்தில் மிக நீளமான கழித்தல் பட்டை இதுதான். ஆனால் இதில் நம் கையில் இருந்தது குறைவு. உயரழுத்த இணைப்புக்கு யூனிட் 6.90 ரூபாயாக இருந்த கட்டணம் 2024 ஜூலை முதல் 7.25 ஆனது. டிமாண்ட் கட்டணமும் கேவிஏவுக்கு 562 ரூபாயிலிருந்து 589 ஆனது. நாம் வாங்கும் காற்றாலை மின்சாரத்தின் பங்கு 41 சதவீதத்திலிருந்து 35 சதவீதமாகக் குறைந்ததும் சேர்ந்துகொண்டது. எல்லாம் சேர்த்து நமக்கு யூனிட் 7.50 அடக்கமானது 7.95 ஆயிற்று. இந்த விலை ஏற்றம் மட்டும் 29.2 லட்சம். கூடுதல் உற்பத்திக்கு 25.7 லட்சம்.

இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. ஹியூமிடிஃபிகேஷன் ஃபேன்களுக்கு இன்வெர்ட்டர் போட்டபின் கிலோ நூலுக்கு 4.90 யூனிட் என்பது 4.80 ஆகிவிட்டது. 10.1 லட்சம் மிச்சம். எலக்ட்ரிக்கல் பிரிவுத் தம்பிகள் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போகாமல் செய்த வேலை அது. கூட்டத்தில் யாராவது ஒருவர் அவர்களைப் பாராட்டிச் சொன்னால் மகிழ்வேன்.

கூலியும் மற்றவையும்

கூலியில் கூடிய 27 லட்சத்தில் 11 லட்சம் கூடுதல் உற்பத்திக்கான ஓவர்டைம். மீதி 16 லட்சம், 118 பேருக்கு நாள் ஒன்றுக்கு 35 ரூபாய் உயர்த்தியதும் அதன் மேல் வரும் பிஎஃப், இஎஸ்ஐயும். இதைக் குறைக்க வழி தேட வேண்டாம் என்பது என் தாழ்மையான கருத்து. கூலி உயர்த்தியபின்தான் தீபாவளிக்கு ஊர் போனவர்கள் திரும்பி வந்தார்கள். ஆள் இல்லாமல் ஃபிரேம் நின்றிருந்தால் அந்த 70,000 கிலோவே வந்திருக்காது.

பேக்கிங், லாரி, கமிஷனில் கூடிய 6 லட்சத்தில் பாதிக்கு மேல் உற்பத்தி கூடியதால் வந்தது. அலுவலகச் செலவில் தணிக்கைக் கட்டணமும் மென்பொருள் புதுப்பிப்பும் கூடின. வட்டி 10 லட்சம் குறைந்ததற்கு டெர்ம் லோன் தவணைகளைத் தவறாமல் கட்டியதே காரணம். அசல் குறையக் குறைய இது அடுத்த ஆண்டும் கொஞ்சம் குறையும். தேய்மானம் புதிய மெஷின் வாங்காததால் தானாகக் குறைந்தது. அது பணமாகக் கைக்கு வந்ததல்ல.

கூட்டத்தில் நான் கேட்கப் போவது

மீதி ஆறு கார்டுக்கு வயர், தலா 1.4 லட்சம் வீதம் 8.4 லட்சம். காட்ஸ், ஏப்ரன் 3.2 லட்சம். மொத்தம் 11.6 லட்சம். இதை ஜூலைக்குள் செலவழிக்க அனுமதி வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு கார்டுக்கு மேல் நிறுத்தாமல் மூன்று வாரத்தில் முடித்துத் தருவதாக மாஸ்டர் ஒப்புக்கொண்டிருக்கிறார். கார்டு வாரியான யீல்டு தாளை ஆகஸ்டிலிருந்து மாதாமாதம் 5ஆம் தேதிக்குள் எல்லோருக்கும் அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
கணக்கு மேலாளர்