துபாயிலிருந்து கணவர் உடலைக் கொண்டுவந்த செலவைக் கோரும் விண்ணப்பம்

அனுப்புநர்
மு. செல்வி,
க/பெ. (காலமான) ரா. முருகேசன்,
மேலத்தெரு, நாகுடி,
அறந்தாங்கி வட்டம், புதுக்கோட்டை மாவட்டம்.

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
கிளெய்ம் பிரிவு,
காப்பீட்டு நிறுவன மண்டல அலுவலகம்,
சென்னை.

நாள்: 24.03.2025

பொருள்: பிரவாசி பாரதீய பீமா யோஜனா – பாலிசி எண் 2023-0091764 – துபாயில் விபத்தில் இறந்த என் கணவரின் உடலைக் கொண்டுவந்த செலவும், துணைக்கு வந்தவரின் விமானக் கட்டணமும் ரூ. 1,03,470 வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 10.03.2025 அன்று உங்கள் அலுவலகத்துக்கு நான் நேரில் வந்தது.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

என் கணவர் முருகேசன் துபாயில் சாரம் கட்டும் வேலை பார்த்தார். பத்தாவது படிக்காததால் அவருடையது ஈ.சி.ஆர். பாஸ்போர்ட். அதனால் ஏஜென்ட் மூலம் குடிபெயர்வோர் பாதுகாவலர் அனுமதியும் இந்தப் பாலிசியும் எடுத்துத்தான் அனுப்பினார்கள். இரண்டு வருடத்துக்கான பிரீமியம் 275 ரூபாயும் வரியும் கட்டியிருக்கிறது. 12.09.2023 முதல் 11.09.2025 வரை பாலிசி செல்லும். நாமினி நான்.

10.01.2025 வெள்ளிக்கிழமை இரவு, கடைக்குப் போய்விட்டுக் கேம்ப்புக்குத் திரும்பும்போது சாலையைக் கடந்தவர் மீது வண்டி மோதி அந்த இடத்திலேயே இறந்துவிட்டார். போலீஸ் காகிதங்கள் முடிந்து, துணைத் தூதரகத்தின் என்.ஓ.சி. கிடைத்து, 18.01.2025 அதிகாலை உடல் திருச்சி விமான நிலையத்துக்கு வந்து சேர்ந்தது. நடுவில் பொங்கல் வந்து போனது. அன்றே ஊரில் அடக்கம் செய்தோம்.

10 லட்சம் இறப்பு இழப்பீட்டுக்குத் தனியாக விண்ணப்பித்திருக்கிறேன். இது அதோடு சேர்ந்ததல்ல. உடலைக் கொண்டுவந்த செலவுக்கு மட்டுமான கோரிக்கை இது. பயணம் முடிந்த 90 நாளுக்குள் தர வேண்டும் என்பது விதி. உடல் வந்த நாளிலிருந்து எண்ணினால் 18.04.2025 கடைசி நாள். அன்று புனித வெள்ளி, உங்கள் அலுவலகம் இருக்காது. அதனால் 65ஆம் நாளான இன்றே பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

செலவு விவரம்:

திருச்சிக்கு உடலை அனுப்பிய விமானச் சரக்குக் கட்டணம் 2,340 திர்ஹாம், ரூ. 54,990.
துபாயில் பிணவறையிலிருந்து சரக்கு முனையம் வரை வண்டி, சரக்கு ஏஜென்ட் கட்டணம் 420 திர்ஹாம், ரூ. 9,870.
துணைக்கு வந்த பழனிவேலின் சிக்கன வகுப்புப் போக வர டிக்கெட் 1,260 திர்ஹாம், ரூ. 29,610.
திருச்சியிலிருந்து நாகுடிக்கு ஆம்புலன்ஸ் ரூ. 9,000.
மொத்தம் ரூ. 1,03,470 (ஒரு லட்சத்து மூவாயிரத்து நானூற்று எழுபது மட்டும்).

ஒரு திர்ஹாமுக்கு ரூ. 23.50 என்று கணக்கிட்டிருக்கிறேன். பணம் கட்டிய அன்று பழனிவேல் எடுத்த பணமாற்றுச் சீட்டில் உள்ள விலை அதுதான். எம்பாமிங், பெட்டி இரண்டுக்கும் வேலை கொடுத்த கம்பெனி கட்டியது. அதை நான் கேட்கவில்லை, கணக்கிலும் சேர்க்கவில்லை. மற்றதை அவர்கள் கட்டவில்லை, இனி தரப்போவதும் இல்லை என்று அவர்கள் கொடுத்த கடிதம் இணைப்பில் இருக்கிறது. துணைத் தூதரகத்தின் இந்திய சமூக நல நிதியிலிருந்தோ வேறு எந்த இடத்திலிருந்தோ இந்தச் செலவுக்காக ஒரு ரூபாயும் பெறவில்லை என உறுதி கூறுகிறேன்.

10ஆம் தேதி உங்கள் கவுண்டரில் மூன்று காரணம் சொல்லிக் காகிதங்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். அப்போது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது எழுதுகிறேன்.

ஒன்று, இறப்பு இழப்பீடு முடிவானபின்தான் இதைப் பார்க்க முடியும் என்றார்கள். விபத்து மரணம்தானா என்று விசாரிக்க வேண்டும் என்பது காரணம். 2017இல் திட்டத்தைத் திருத்தியபோது, விபத்து மரணத்துக்கு இந்தியத் தூதரகம் தரும் சான்றையே காப்பீட்டு நிறுவனங்கள் ஏற்க வேண்டும் என்று சேர்த்திருக்கிறார்கள். அந்தச் சான்று இணைப்பில் 3ஆவது. வேலை நேரமா இல்லையா என்று இன்னொருவர் கேட்டார். வேலை கொடுப்பவர் யார், ஆள் எங்கே இருந்தார் என்பதைப் பார்க்காமல் காப்பீடு உண்டு என்பதும் அதே திருத்தத்தில்தான் இருக்கிறது.

இரண்டு, துணைக்கு வந்தவர் கட்டணம் கிடையாது என்றார்கள். இறந்தவரின் உடலைக் கொண்டுவரும் செலவோடு, உடன் வரும் ஒருவரின் சிக்கன வகுப்புப் போக வரக் கட்டணமும் தரப்படும் என்று திட்டத்திலேயே இருக்கிறது. பழனிவேல் என் கணவரின் சித்தப்பா மகன், ஒரே கேம்ப். 18.01.2025 அன்று உடலோடு அதே விமானத்தில் வந்தார், காரியம் முடிந்து 02.02.2025 அன்று திரும்பினார். அவருடைய போர்டிங் பாஸ் இரண்டும் சூட்டுத்தாளில் அச்சடித்தவை. வைக்க வைக்க எழுத்து மங்குகிறது. பிப்ரவரியிலேயே நகல் எடுத்து நோட்டரி கையெழுத்து வாங்கிவிட்டேன். மூலத்தில் தேதி படிக்க முடியாவிட்டால் நகலைப் பாருங்கள், பாஸ்போர்ட்டில் குடியேற்ற முத்திரையும் இருக்கிறது.

மூன்று, ரசீதெல்லாம் பழனிவேல் பெயரில் இருக்கிறது, உங்கள் பெயரில் இல்லையே என்றார்கள். உண்மைதான். நான் நாகுடியில் இருந்தேன், பணம் கட்டியது துபாயில். கட்டியதும் அவர் பணம் மட்டுமில்லை. மெஸ்ஸில் ஒரு கோடு போட்ட நோட்டு வைத்து 32 பேர் பெயரெழுதிப் பணம் போட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தின் படம் என் போனில் இருக்கிறது. மேலே இரண்டு பேர் 500 போட்டிருக்கிறார்கள், அப்புறம் 100, 50 என்று இறங்கி, கடைசியில் சமையல்காரர் 15 திர்ஹாம். போதாததைப் பழனிவேல் சம்பளத்தில் எடுத்துக் கட்டினார். நான் சுய உதவிக் குழுவில் பதினோரு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன், அடுத்தவர் பணம் நம் பக்கத்தில் நிற்பது எனக்குத் தெரியும். இந்தத் தொகை வந்தால் அந்த நோட்டுப்படி அனுப்ப வேண்டியது. தொகையை எனக்கு வழங்க ஆட்சேபணை இல்லை என்று பழனிவேல் எழுதிக் கொடுத்த கடிதம் இணைப்பில் உள்ளது.

பெயர் விஷயம் இன்னொன்று. பாஸ்போர்ட்டிலும் பாலிசியிலும் ‘ராமசாமி முருகேசன்’ என்று இருக்கிறது. ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் ‘முருகேசன் ரா’. துபாய் இறப்புச் சான்றில் பாஸ்போர்ட் பெயர். ராமசாமி என் மாமனார் பெயர், அவர் 2011இல் காலமாகிவிட்டார். நம் பக்கத்தில் அப்பா பெயரை இனிஷியலாகப் போடுவோம், பாஸ்போர்ட்டில் அதை விரித்து முன்னே போட்டுவிட்டார்கள். கேட்பீர்கள் என்று தெரிந்து இருவரும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரம் வைத்திருக்கிறேன்.

இணைப்புகள்:

1. பாலிசிச் சான்றிதழ் நகல். பிரீமியம் ரசீது அதன் பின்னால்.
2. இறப்புச் சான்று, துபாய் சுகாதாரத் துறை வழங்கியது.
3. துபாய் இந்தியத் துணைத் தூதரகத்தின் இறப்புப் பதிவுச் சான்று, விபத்து மரணம் என்ற குறிப்புடன். மூலம்.
4. அதே துணைத் தூதரகத்தின் என்.ஓ.சி., உடலை இந்தியாவுக்கு அனுப்ப.
5. துபாய் போலீஸ் அறிக்கை. அரபியில் உள்ளது, முத்திரையிட்ட சட்ட மொழிபெயர்ப்பு சேர்த்துத் தைத்திருக்கிறது, பிரிக்க வேண்டாம்.
6. எம்பாமிங் சான்று.
7. ரத்து செய்யப்பட்ட பாஸ்போர்ட் நகல், விசாப் பக்கம், குடிபெயர்வு அனுமதி நகல்.
8. ஏர்வே பில்லும் சரக்குக் கட்டண ரசீதும், மூலம். பெறுபவர் பெயர் என் தம்பி கணேசன். திருச்சி சரக்கு முனையத்தில் அவர் கையெழுத்திட்டு வாங்கிய டெலிவரி சீட்டும் இதோடு.
9. வண்டி, சரக்கு ஏஜென்ட் ரசீது, மூலம்.
10. பழனிவேலின் டிக்கெட், போர்டிங் பாஸ் இரண்டு (மூலமும் நோட்டரி நகலும்), பாஸ்போர்ட் முத்திரைப் பக்க நகல்கள், பணமாற்றுச் சீட்டு, அவருடைய ஆட்சேபணையின்மைக் கடிதம்.
11. கம்பெனியின் கடிதம்.
12. ஆம்புலன்ஸ் ரசீது. திட்டத்தில் ‘உடலைக் கொண்டுவரும் செலவு’ என்றுதான் இருக்கிறது, விமான நிலையத்தோடு அது முடிவதாகச் சொல்லவில்லை. அதனால் சேர்த்திருக்கிறேன். இது கிடையாது என்று முடிவெடுத்தால் இதை மட்டும் கழித்துக்கொண்டு மீதியைத் தாருங்கள், மொத்தத்தையும் நிறுத்த வேண்டாம்.
13. அறந்தாங்கி வட்டாட்சியர் வழங்கிய வாரிசுச் சான்று. நான், மகள், மகன், மாமியார் நால்வர். மாமியாரின் சம்மதக் கடிதமும் உண்டு. பிள்ளைகள் இருவரும் மைனர்.
14. உறுதிமொழிப் பத்திரம், பெயர் தொடர்பாக.
15. என் ஆதார், ரேஷன் கார்டு நகல்கள், வங்கிப் பாஸ்புக் முதல் பக்கம், ரத்து செய்த காசோலை ஒன்று.

மூலங்கள் அனைத்துக்கும் நகல் என்னிடம் உள்ளது. சரக்குக் கட்டண ரசீதுக்கு மாற்று வாங்க முடியாது, அந்த ஏஜென்ட்டிடம் பழனிவேல் கேட்டுப் பார்த்துவிட்டார். அதனால் 8, 9, 10 எண்ணுள்ள மூலங்களைப் பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வேண்டுகிறேன்.

ஏதாவது காகிதம் குறைந்தால் எது என்று எழுத்தில் ஒரே தடவையாகக் கேளுங்கள். நாகுடியிலிருந்து சென்னை வந்துபோக ஒரு இரவும் ஒரு பகலும் ஆகிறது, குழுக் கூட்டமும் பிள்ளைகள் பள்ளியும் விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். தொகையை என் வங்கிக் கணக்கில் நேரடியாகச் செலுத்தக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மு. செல்வி
நாகுடி
24.03.2025

நகல்: குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம், சென்னை – தகவலுக்காக.